கிடங்கில் புளி இருக்கிறது, கணக்கில் டிராயிங் பவர் இல்லை

கேள்வி: கிருஷ்ணகிரியில் புளி மொத்த வியாபாரம் செய்கிறேன். வங்கியில் 40 லட்சம் ரூபாய்க்கு கேஷ் கிரெடிட் கணக்கு இருக்கிறது. 21.60 லட்சம்தான் எடுத்திருந்தேன். மே மாதம் மரக் குத்தகைக்காரருக்குக் கொடுத்த 6 லட்சம் ரூபாய் காசோலையை வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. கேட்டால், "உங்கள் டிராயிங் பவர் 22 லட்சம்தான், ஜனவரிக்குப் பிறகு நீங்கள் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்கவில்லை" என்கிறார் மேலாளர். கிடங்கு நிறையப் புளி இருக்கும்போது ஒரு தாளுக்காக இப்படிச் செய்யலாமா? சரக்கைக் கொஞ்சம் கூட்டிக் காட்டிக் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்கிறார் நண்பர். கொடுக்கலாமா?

பதில்: செய்யலாம். காசோலையைத் திருப்புவதற்கு முன் ஒரு வார்த்தை தொலைபேசியில் சொல்லியிருக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் அது மரியாதை சார்ந்த விஷயம், விதிப்படி வங்கி செய்தது சரி. நண்பரின் யோசனையைப் பொறுத்தவரை, அது தவறு என்பதோடு உங்களுக்குத் தேவையும் இல்லை. உண்மையான சரக்கை உண்மையான விலையில் எழுதிக் கொடுத்திருந்தாலே அந்த 6 லட்சம் காசோலை பாஸாகியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வங்கிக் கிளைகளின் கடன் பிரிவில் வேலை பார்த்தவன் நான். புளி, மாங்கூழ், கிரானைட் என்று இந்தப் பக்கத்துச் சரக்குகளின் ஸ்டேட்மென்ட்டுகளைப் பார்த்துப் பார்த்தே என் கண் பழுத்தது.

முதலில் அந்தத் தாளுக்கு ஏன் அவ்வளவு கனம் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். நகைக் கடனில் நகை வங்கியின் பெட்டகத்தில் இருக்கிறது. உங்கள் கேஷ் கிரெடிட் நிற்பது ஹைப்பாதிகேஷனில், அதில் ஈடான சரக்கு உங்கள் கையிலேயே இருக்கிறது. காலையில் 200 மூட்டை இறக்கலாம், மாலையில் 300 மூட்டை ஏற்றலாம், வங்கியிடம் கேட்க வேண்டியதில்லை. 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டமே இதைக் கைவசம் ஒப்படைக்காமல் அசையும் சொத்தின் மீது ஏற்படுத்தும் பொறுப்பு என்றுதான் சொல்கிறது. இன்று இருக்கும் சரக்கு மட்டுமல்லாமல் நாளை வாங்கப்போகும் சரக்கும் அதில் அடங்கும். இப்படி நாள்தோறும் மாறும் ஒன்றை நம்பிக் கடன் கொடுக்கும் வங்கிக்கு, மாதம் ஒரு முறை நீங்கள் கையெழுத்திட்டுத் தரும் அறிக்கையைத் தவிர வேறு கண் இல்லை. அதிகாரி எப்போதாவது கிடங்குக்கு வந்து பார்ப்பார். அந்த வருகையும் அறிக்கையைச் சரிபார்க்கத்தானே தவிர அறிக்கைக்கு மாற்று அல்ல.

ஆகவே 40 லட்சம் என்பது நீங்கள் எடுக்கக்கூடிய தொகை அல்ல. அது உச்சவரம்பு. இந்த மாதம் எவ்வளவு எடுக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது டிராயிங் பவர். அனுமதித்த வரம்பு, டிராயிங் பவர் இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் கணக்கின் எல்லை. ஜனவரி முடிவில் உங்கள் கிடங்கு எப்படி இருந்திருக்கும்? பழைய பருவத்துப் புளி விற்றுத் தீரும் நேரம், புதுப் புளி உலுக்க ஆரம்பிக்கும் நேரம். ஆண்டிலேயே சரக்கு மிகக் குறைவாக இருக்கும் மாதங்களில் ஒன்று. அந்த நாளின் சரக்குக்குத்தான் 22 லட்சம் வந்திருக்கிறது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் நீங்கள் வாங்கிக் குவித்தது எதுவும் வங்கிக்குத் தெரியாது. அதன் கணினியைப் பொறுத்தவரை உங்கள் கிடங்கு இன்னும் ஜனவரியிலேயே நிற்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். உங்கள் எண்கள் என்னிடம் இல்லாததால் உங்கள் அளவு வியாபாரத்துக்குப் பொருந்தும்படி நானே சில எண்களை எடுத்துக்கொள்கிறேன். ஏப்ரல் முடிவில் குளிர்பதனக் கிடங்கில் கொட்டை எடுத்து அழுத்திய புளி 40 டன், அடக்க விலை கிலோ 100 ரூபாய், ஆக 40 லட்சம். கொட்டைப்புளி 20 டன், கிலோ 40 ரூபாய், ஆக 8 லட்சம். இதில் 5 டன் கொட்டை எடுப்பதற்காகப் பழையபேட்டைப் பக்கம் வீடுகளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். போன ஆண்டுப் புளி 5 டன் மிச்சம், அப்போதைய அடக்கம் கிலோ 100 ரூபாய், ஆக 5 லட்சம். மொத்தம் 53 லட்சம். உங்கள் சொந்தப் பங்கு என்று வங்கி கழிக்கும் மார்ஜின் 25 சதவீதம் போனாலும் 39.75 லட்சம் வருகிறதே, ஏறக்குறைய முழு வரம்பும் கிடைக்க வேண்டுமே என்றுதான் எந்த வியாபாரியும் நினைப்பார்.

அதிகாரியின் பேனா இந்த 53 லட்சத்தின் மேல் வேறு மாதிரி நடக்கும். போன ஆண்டுப் புளி வெளியே கிடந்து கறுத்துவிட்டது, இன்று சந்தையில் கிலோ 60 ரூபாய்க்குத்தான் போகும் என்றால், அதை 60 ரூபாய்க்குத்தான் எழுத வேண்டும். அடக்க விலை, விற்றால் கிடைக்கும் விலை இரண்டில் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும் என்பது கணக்கியலின் விதி. எனவே 5 லட்சம் 3 லட்சமாகிறது. வீடுகளில் இருக்கும் 5 டன், அதாவது 2 லட்சம் ரூபாய்ச் சரக்கு, நீங்கள் வங்கிக்குச் சொன்ன முகவரிகளில் இல்லை. சில வங்கிகள் வெளியே கொடுத்த பட்டியலைப் பார்த்து ஏற்கும், பல வங்கிகள் தள்ளிவிடும். தள்ளியதாகவே வைத்துக்கொள்வோம். இப்போது 49 லட்சம் நிற்கிறது.

அடுத்ததுதான் புளிக்காரர்களும் மாங்கூழ்க்காரர்களும் எப்போதும் தடுக்கி விழும் இடம். பருவத்தில் நீங்கள் வாங்கியதற்கெல்லாம் பணம் கொடுத்துவிடவில்லை. குத்தகைக்காரர், மண்டி, விவசாயிகள் என்று 18 லட்சம் பாக்கி நிற்கிறது என்று வையுங்கள். பணம் கொடுக்காத சரக்கு உங்கள் கிடங்கில் இருந்தாலும், அதற்கு முதல் போட்டவர் விற்றவர்தான். வங்கி அந்தப் பங்குக்குக் கடன் தராது. 49இல் 18 போக 31 லட்சம். அதில் 25 சதவீதம் மார்ஜின் போக 23.25 லட்சம். மார்ஜினைக் கழித்த பிறகு பாக்கியைக் கழிப்பதா, பாக்கியைக் கழித்த பிறகு மார்ஜினா என்று சிலர் குழம்புவார்கள். பாக்கியை முதலில் கழிப்பதுதான் நடைமுறை.

பிறகு உங்களுக்கு வர வேண்டிய பணம். விற்று வராத பாக்கி 12 லட்சம், அதில் 3 லட்சம் 90 நாளைத் தாண்டியது என்றால் அந்த 3 லட்சம் பூஜ்யம். மீதி 9 லட்சத்துக்கு மார்ஜின் 40 சதவீதம் என்று வைத்தால் 5.40 லட்சம் கிடைக்கும். உங்கள் சம்பந்தப்பட்ட வேறு நிறுவனமோ உறவினர் கடையோ தர வேண்டிய பாக்கி என்றால் அதையும் பெரும்பாலான வங்கிகள் சேர்க்காது. சரக்குக்கு வந்த 23.25, இந்த 5.40 இரண்டையும் கூட்டினால் டிராயிங் பவர் 28.65 லட்சம்.

நீங்கள் எதிர்பார்த்த 39.75 லட்சத்துக்கும் இதற்கும் 11 லட்சத்துக்கு மேல் இடைவெளி. ஆனாலும் பாருங்கள், உங்கள் கணக்கில் எடுத்திருந்தது 21.60. காசோலை 6. இரண்டும் சேர்ந்து 27.60. 28.65க்குள் அடங்கிவிட்டது. காசோலை பாஸான பிறகு நீங்கள் தர வேண்டிய பாக்கி 18லிருந்து 12 லட்சமாகக் குறையும், அடுத்த அறிக்கையில் டிராயிங் பவர் 33.15 லட்சமாக உயரும். மே 10ஆம் தேதிக்குள் ஏப்ரல் அறிக்கையைக் கொடுத்திருந்தால் ஒரு கிலோ கூடக் கூட்டிக் காட்டாமலே வேலை முடிந்திருக்கும்.

இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கும் இரண்டு விஷயங்களை வியாபாரிகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 6 லட்சம் கொடுத்ததும் டிராயிங் பவர் 4.50 லட்சம்தான் உயர்ந்தது. அதாவது வங்கிப் பணத்தை எடுத்துப் பாக்கியை அடைத்தால், ஒவ்வொரு ஒரு லட்சத்துக்கும் உங்கள் எல்லை 75 ஆயிரம்தான் விரியும்; மீதி 25 ஆயிரம் உங்கள் சொந்தப் பணமாக இருக்க வேண்டும். முழுப் பாக்கியையும் கேஷ் கிரெடிட்டிலேயே அடைத்துவிடலாம் என்று திட்டமிடுபவர் இடையில் ஏதாவது ஒரு காசோலையில் மாட்டிக்கொள்வார்.

இரண்டாவது, கடனுக்கு விற்றால் டிராயிங் பவர் குறையும். ஒரு லட்சம் அடக்கமுள்ள புளி கிடங்கில் இருக்கும்போது அதற்கு 75 ஆயிரம் கிடைக்கிறது. அதையே 1.10 லட்சத்துக்குச் சென்னை வியாபாரிக்குக் கடனுக்கு அனுப்பினால், அந்த பாக்கிக்கு 40 சதவீத மார்ஜின் போக 66 ஆயிரம்தான் கிடைக்கும். 90 நாளில் பணம் வராவிட்டால் அதுவும் போய்விடும். லாபம் வந்திருக்கிறது, ஆனால் எடுக்கும் சக்தி குறைந்திருக்கிறது. வியாபாரம் நன்றாக நடக்கும் மாதத்தில் ஏன் டிராயிங் பவர் இறங்குகிறது என்று கேட்டு வருபவர்களின் கணக்கை விரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் இதுதான் காரணமாக இருக்கும்.

இனி தாமதத்தின் விளைவு. காசோலை திரும்பியது உங்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது தேதிதான். ரிசர்வ் வங்கியின் விதி இப்படி. ஸ்டேட்மென்ட் வரவில்லை, டிராயிங் பவர் தற்காலிகமாகப் போதவில்லை என்பதற்காக மட்டும் ஒரு கணக்கை வாராக்கடன் என்று வகைப்படுத்தக் கூடாது. இது உங்களுக்குச் சாதகமான பகுதி. ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் பழையதான ஸ்டேட்மென்ட்டை வைத்துக் கணக்கிட்ட டிராயிங் பவரில் நிற்கும் கடன், ஒழுங்கற்ற கடனாகக் கருதப்படும். அந்த ஒழுங்கின்மை தொடர்ந்து 90 நாள் நீடித்தால் கணக்கு வாராக்கடன் ஆகும். வியாபாரம் நன்றாக ஓடினாலும், உங்கள் நிதிநிலை நன்றாக இருந்தாலும் ஆகும் என்று அந்த விதியே வெளிப்படையாகச் சொல்கிறது.

உங்கள் தேதிகளை அதில் பொருத்துங்கள். ஜனவரி 31 நாளிட்ட அறிக்கை ஏப்ரல் முடிவோடு மூன்று மாதம் தாண்டிவிட்டது. மே முதல் தேதியிலிருந்து உங்கள் 21.60 லட்சமும், 22 லட்சத்துக்குள் இருந்தாலும், ஒழுங்கற்றது. மே இறுதியில் 30 நாள் கடந்ததும் கணக்கு சிறப்புக் கவனிப்புப் பட்டியலின் முதல் படிக்கும், ஜூன் இறுதியில் இரண்டாம் படிக்கும் போகும். ஜூலை இறுதியில் 90 நாள் முடிந்து வாராக்கடன். அப்படி ஆனால் இந்த ஒரு கணக்கோடு நிற்காது. வகைப்படுத்தல் கடன் கணக்கு வாரியாக அல்ல, கடன்வாங்கியவர் வாரியாக. நீங்கள் தனி உரிமையாளர் என்றால், அதே வங்கியில் உங்கள் பெயரில் ஒழுங்காகத் தவணை கட்டும் வாகனக் கடனும் வீட்டுக் கடனும் சேர்ந்தே விழும்.

இதோடு தொடர்புடைய இன்னொரு 90 நாள் கணக்கும் உண்டு. கணக்கில் தொடர்ந்து 90 நாள் வரவே இல்லையென்றாலோ, வந்த வரவு அந்தக் காலத்தில் ஏறிய வட்டிக்குக் கூடப் போதவில்லை என்றாலோ அதுவும் கணக்கைக் கெடுக்கும். விற்ற பணத்தை வேறு வங்கியின் நடப்புக் கணக்கில் வாங்கிக்கொள்ளும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. சரக்கு இந்த வங்கியின் பொறுப்பில், பணம் அந்த வங்கியில் என்றால் எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வரும். விற்ற பணம் இந்தக் கணக்குக்குள்தான் வர வேண்டும்.

உங்கள் கணக்கில் அபராதமும் பிடித்திருப்பார்கள். ஸ்டேட்மென்ட் தராததற்கு அபராதம் விதிக்க வங்கிக்கு உரிமை உண்டு, அளவு அனுமதிக் கடிதத்தில் இருக்கும். ஆனால் 2023 ஆகஸ்டில் வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைக்குப் பிறகு அதைக் கூடுதல் வட்டியாக விதிக்கக் கூடாது. அபராதக் கட்டணமாகத் தனியாக விதிக்க வேண்டும், அந்தக் கட்டணத்தின் மேல் மேற்கொண்டு வட்டி கணக்கிடக் கூடாது. புதுக் கடன்களுக்கு 2024 ஏப்ரல் முதலும், பழைய கடன்களுக்கு அதே ஆண்டு ஜூன் முடிவுக்குள்ளும் இது நடைமுறைக்கு வந்துவிட்டது. கணக்கு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அபராத வட்டி என்று 2 சதவீதம் சேர்த்து ஏற்றியிருந்தால் எழுத்தில் கேட்டுத் திரும்பப் பெறலாம்.

நண்பரின் யோசனைக்கு வருகிறேன். கூட்டிக் காட்டுவது இந்த வட்டாரத்தில் யாரும் செய்யாத அதிசயம் ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் புளியில் அது மிக எளிதாக வெளியே வரும். குளிர்பதனக் கிடங்கு தன் பதிவேட்டில் உங்கள் ஒவ்வொரு லாட்டின் வரவையும் எடுப்பையும் எழுதி வைத்திருக்கிறது. ஸ்டாக் ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான். ஏப்ரல் அறிக்கையின் முடிவு இருப்பும் மே அறிக்கையின் ஆரம்ப இருப்பும் கிலோ கணக்கில் ஒன்றாக இருக்க வேண்டும். கொட்டைப்புளி உள்ளே போய்ப் புளியும் புளியங்கொட்டையும் வெளியே வருகிறது. இந்த எடைக் கணக்கு வாங்கிய பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும். பத்து டன் சேர்த்து எழுதினால் அதற்கு வாங்கிய பில் வேண்டும், கூலி வேண்டும், கிடங்கு வாடகை வேண்டும். ஒரு மாதம் சொன்ன பொய்யைக் காப்பாற்ற அடுத்த மாதம் கூடுதலாக ஒன்று தேவைப்படும். அந்த இல்லாத பத்து டன்னை எந்த மாதத்தில் விற்றதாகக் காட்டுவீர்கள்? விற்றால் பணம் கணக்கில் வர வேண்டுமே.

அதைவிட மோசம், தீ விபத்து நடந்தால் என்ன ஆகும் என்பது. குளிர்பதனக் கிடங்கில் உண்மையில் 40 லட்சம் சரக்கு, காப்பீடும் 40 லட்சத்துக்கு, வங்கிக்குக் காட்டியது 60 லட்சம் என்று வையுங்கள். 10 லட்சம் ரூபாய்ப் புளி எரிந்துவிட்டது. சர்வேயர் வங்கியிடம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கேட்பார். உங்கள் கையெழுத்தே 60 லட்சம் என்று சொல்வதால், 60 லட்சம் சரக்குக்கு 40 லட்சம்தான் காப்பீடு செய்திருக்கிறீர்கள், ஆகவே மூன்றில் இரண்டு பங்குதான் தருவோம் என்று 6.67 லட்சத்தில் நிறுத்திவிடலாம். வங்கிக்குச் சொன்னது பொய் என்று நீங்கள் அங்கே வாதாட வேண்டி வரும். அந்த வாதத்தை எந்த முகத்தோடு செய்வது?

சட்டத்தில் எது உறுதி, எது விவாதத்துக்குரியது என்றும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஹைப்பாதிகேஷன் சரக்கை விற்பதே குற்றம் அல்ல, அந்தச் சரக்கு உங்களுடையதுதான். வங்கி உங்களிடம் ஒப்படைத்தது அல்ல என்பதால் அதை விற்றது நம்பிக்கை மோசடி ஆகாது என்று டங்கன்ஸ் அக்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் சொல்லியிருக்கிறது. ஆனால் இல்லாத சரக்கை இருப்பதாகக் கையெழுத்திட்டுக் கடன் எடுப்பது வேறு. அது ஏமாற்றுதல் என்ற குற்றச்சாட்டுக்கு இடம் கொடுக்கும். நிரூபிக்கப்படுமா என்பது ஒவ்வொரு வழக்கின் விவரத்தைப் பொறுத்தது. வருமான வரியிலும் இதே போலத்தான். கணக்குப் புத்தகத்தில் 49 லட்சமும் வங்கிக்கு 60 லட்சமும் காட்டினால், வித்தியாசமான 11 லட்சம் கணக்கில் வராத முதலீடு என்று வரி அதிகாரி சேர்க்கலாம். கடனுக்காகக் கூட்டிக் காட்டினேன், உண்மையில் அந்தச் சரக்கு இல்லை என்ற விளக்கத்தை ஏற்ற தீர்ப்புகளும் இருக்கின்றன, ஏற்காத தீர்ப்புகளும் இருக்கின்றன. எந்தப் பக்கம் விழும் என்று உங்கள் ஆடிட்டரால் கூட உறுதி தர முடியாது.

குளிர்பதனக் கிடங்கு பற்றி ஒரு விஷயத்தை இங்கேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் கெட்ட எண்ணம் இல்லாமலே மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பருவத்தில் பணம் தேவைப்பட்டுக் கிடங்கு ரசீதின் பேரில் வேறு வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ தனிக் கடன் வாங்கியிருந்தால், அந்த மூட்டைகள் ஏற்கெனவே அங்கே ஈடாகிவிட்டன. அவற்றை கேஷ் கிரெடிட் அறிக்கையில் சேர்த்தால் ஒரே சரக்குக்கு இரண்டு கடன் ஆகிவிடும். சரக்கு உண்மையாகவே இருக்கிறது, எடையும் சரி, ஆனாலும் அறிக்கை பொய். இப்படி ஏதாவது இருந்தால் அந்த லாட்டை அறிக்கையிலிருந்து நீக்குங்கள். கிடங்கின் பெயரும் முகவரியும் வங்கியிலும் காப்பீட்டுப் பாலிசியிலும் எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பாலிசியில் உங்கள் சொந்தக் கிடங்கின் முகவரி மட்டும் இருந்தால், அங்கே இருக்கும் 40 டன்னுக்குக் காப்பீடே இல்லை என்றுதான் பொருள். கிடங்கு வாடகை பாக்கி இருந்தால் அதையும் தீர்த்துவிடுங்கள், வாடகை வரும்வரை சரக்கைப் பிடித்துவைக்கும் நிபந்தனை பெரும்பாலான ரசீதுகளில் இருக்கிறது.

இப்போது என்ன செய்ய வேண்டும்? பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்றுக்கும் தனித்தனி அறிக்கை தயாரியுங்கள். ஒரே நாளில் உட்கார்ந்து எழுதினாலும், எண்கள் உங்கள் கொள்முதல், விற்பனைப் புத்தகங்களிலிருந்து வர வேண்டும். மார்ச் 31 அறிக்கையில் தனிக் கவனம் வையுங்கள், பின்னால் ஆடிட்டர் போடும் இருப்புநிலைக் குறிப்பில் இருக்கும் சரக்கு மதிப்பும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் கொட்டைப்புளி, கொட்டை எடுத்த புளி, பழைய புளி, புளியங்கொட்டை என்று வகை பிரித்து, எங்கே எவ்வளவு என்று இடம் வாரியாக எழுதுங்கள். வீடுகளுக்குக் கொடுத்ததை மறைக்காமல் தனி வரியில் காட்டுங்கள். வங்கி அதைத் தள்ளினாலும் எடைக் கணக்கு நேராக இருக்கும். மரத்துக்கு முன்பணம் கொடுத்து இன்னும் காய் இறங்கவில்லை என்றால் அதைச் சரக்கில் சேர்க்காதீர்கள், முன்பணம் சரக்கு ஆகாது. நீங்கள் பணம் தர வேண்டியவர் பட்டியலையும், உங்களுக்குப் பணம் தர வேண்டியவர் பட்டியலை 90 நாளுக்கு உள்ளே, வெளியே என்று பிரித்தும் இணையுங்கள்.

ஏப்ரல் அறிக்கையோடு மே முதல் பாதியின் சரக்கு நிலையையும் கொடுத்து, டிராயிங் பவரை உடனே திருத்தித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மாத நடுவில் திருத்த வேண்டிய கட்டாயம் வங்கிக்கு இல்லை, ஆனால் பருவ நேரத்தில் பல மேலாளர்கள் செய்து தருவார்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்தேன், அவர்கள் தொலைத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் கையில் பெரும்பாலும் அந்த நகல் இருப்பதில்லை.

அடுத்த முறை கணக்கைப் புதுப்பிக்கும்போது ஒன்று கேளுங்கள். உங்கள் வியாபாரத்துக்கு ஆண்டு முழுவதும் ஒரே வரம்பு பொருந்தாது. பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை ஒரு வரம்பும் மற்ற மாதங்களுக்குக் குறைந்த வரம்பும் என்று பருவத்துக்கு ஏற்றபடி பிரித்து அனுமதி வாங்கலாம், வீடுகளுக்குக் கொடுக்கும் புளியையும் ஒரு அளவு வரை ஏற்கும்படி நிபந்தனை போடச் சொல்லலாம். மாத இறுதி நிலவரம் என்று எழுதியிருக்கிறதா, அறிக்கை தரக் கடைசித் தேதி எது, விற்ற பாக்கி டிராயிங் பவரில் சேருமா என்ற மூன்றையும் இப்போதே அனுமதிக் கடிதத்தில் பாருங்கள். நான் மேலே போட்ட 28.65 லட்சம், பாக்கியும் சேரும் என்ற அடிப்படையில் வந்தது. உங்கள் கடிதம் சரக்கை மட்டும்தான் ஏற்கிறது என்றால் டிராயிங் பவர் 23.25 லட்சத்தில் நின்றுவிடும், அந்தக் காசோலை அப்போதும் பாஸாகியிருக்காது.

குறைதீர்ப்பாளரிடம் போகலாமா என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். அபராத வட்டி தவறாக ஏற்றியிருந்தால் முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். டிராயிங் பவரை எவ்வளவு வைத்தார்கள் என்பதை எடுத்துக்கொண்டு போனால், அது வங்கியின் வணிக முடிவு என்று ஒதுக்கிவிட வாய்ப்பு அதிகம்.

எல்லாவற்றுக்கும் முன், இந்த வாரமே அந்தக் குத்தகைக்காரரைப் பாருங்கள். கணக்கில் பணம் போதாமல் திரும்பிய காசோலைக்கு மட்டுமல்ல, ஏற்பாடு செய்த வரம்பைத் தாண்டியதால் திரும்பிய காசோலைக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு பொருந்தும். காசோலை திரும்பிய செய்தி தெரிந்த 30 நாளுக்குள் அவர் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பலாம், அனுப்பினால் அது கிடைத்த 15 நாளுக்குள் நீங்கள் பணத்தைக் கொடுக்க வேண்டும். வேறு வழியில் கொஞ்சம் பணம் புரட்ட முடிந்தால் ஒரு பகுதியையாவது வங்கி வழியாக அனுப்பிவிட்டு, மீதிக்கு டிராயிங் பவர் திருத்தப்பட்ட பிறகு புதுக் காசோலை தருகிறேன் என்று சொல்லிப் பழைய காசோலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.